இருபது நொடி டைட்டில்: பார்க்கிறவர்கள் எல்லாரும் "பேய்த் தொடரா?" என்கிறார்கள்

தாள்பூச்சி

வணக்கம். எட்டு வயதிலிருந்து பதினோரு வயதுவரையிலான பிள்ளைகளுக்கான அனிமேஷன் தொடர் ஒன்றுக்கு டைட்டில் காட்சி வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது இரவு நேர நூலகத்தில். கையில் விளக்கோடு ஒரு சிறுமி; புத்தகங்களிலிருந்து எழுத்துகளைத் தின்றுவிடும் ஒரு நிழல். அந்த நிழல் உண்மையில் கூச்சம் மிகுந்த ஒரு சின்ன உயிர். பசியில் தின்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு பகுதியும் கொஞ்சம் பயமாகத் தொடங்கிச் சிரிப்பில் முடியும்.

இருபது நொடிக்கு அனிமேட்டிக் போட்டிருக்கிறேன். 14 ஷாட். இருண்ட கூடம், சிறுமியின் காலடி, அலமாரி, நிழல் சுவரில் ஏறுவது, அவள் திரும்பிப் பார்ப்பது, ஓடுவது, நிழல் கேமராவை நோக்கிப் பாய்வது, கடைசியில் இரண்டு பேரும் நண்பர்களாக நிற்பது, டைட்டில். தற்காலிக இசை நிமிடத்துக்கு 100 பீட் வேகத்தில் இருக்கிறது.

எதுவும் விளக்காமல் சிலரிடம் காட்டி, "இது எப்படிப்பட்ட தொடர்?" என்று மட்டும் கேட்டேன். பெரும்பாலானவர்கள் பேய்க்கதை என்றார்கள். இரண்டு பேர் சாகசக்கதை என்றார்கள். சிரிப்பு என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நண்பர்களாக நிற்கும் ஷாட் இருக்கும்போதே இப்படி. எங்கே தவறுகிறது?

வேகவெட்டு

14 ஷாட் கம்மிங்க. இருபது நொடி சும்மா இழுத்துக்கிட்டு நிக்குது, அதான் சிக்கல். ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு கட் வைங்க, காமெடி தானா வந்துடும். சிரிப்பு என்பதே டைமிங்தானே. தும்மல், விழுறது, முழிக்கிறது மாதிரி சின்னச் சின்ன துண்டுகளைச் சேருங்க. நிழல் பாயுற இடத்துல வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்புனு இரண்டு இரண்டு ஃபிரேமா மின்னல் விட்டா இன்னும் துள்ளலா இருக்கும்.

புதுத்தூரிகை

எனக்கும் இதே தேவை. என் வீடியோ சேனலுக்கு ஐந்து நொடி இன்ட்ரோ வேண்டும், லோகோ சுழன்று வர வேண்டும். ரெடிமேட் டெம்ப்ளேட் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.

நடுக்கோடு

புதுத்தூரிகை, உங்கள் தேவை வேறு. அடையாள முத்திரை ஒன்று போதும் என்பது உங்கள் கேள்வி. இங்கே கேட்கப்படுவது ஒரு கதையின் மனநிலையை எப்படி நிறுவுவது என்பது. தனி இழை தொடங்குங்கள், பதில் தருகிறேன்.

தாள்பூச்சிக்கு: உங்கள் பட்டியலைப் படித்தாலே காரணம் தெரிகிறது. 14 ஷாட்டில் பயத்துக்கு 12, சிரிப்புக்கு ஒன்று, பெயருக்கு ஒன்று. ஆனால் எண்ணிக்கை மட்டும் காரணமில்லை. நண்பர்களாக நிற்கும் அந்த ஷாட் ஒரு தகவல். "பிறகு நண்பர்கள் ஆனார்கள்" என்று சொல்கிறது. மனநிலையைத் தகவலாகச் சொல்ல முடியாது. பார்ப்பவருக்குள் அது நடக்க வேண்டும். உங்கள் தொடரின் ஒவ்வொரு பகுதியிலும் நடப்பது ஒரே ஒரு திருப்பம்: பயப்படத் தயாராகிறோம், பயப்பட வேண்டியதில்லை என்று தெரிகிறது, சிரித்துவிடுகிறோம். அந்தத் திருப்பத்தை இருபது நொடிக்குள் ஒரே ஒரு முறை, வெட்டாமல், கண்ணெதிரே நடத்துங்கள். கதாபாத்திர அறிமுகம், ஓட்டம், சுவரில் ஏறுவது எல்லாம் போகட்டும். அவை முன்னோட்டத்துக்கான சரக்கு.

வேகவெட்டு சொன்னதில் பாதி சரி. சிரிப்பு டைமிங்தான். ஆனால் அந்த டைமிங் ஷாட்டுக்குள் இருக்க வேண்டும், கட்டில் இல்லை. புதிய ஷாட் வந்ததும் எங்கே பார்ப்பது என்று கண் தேடி நகரவே ஏறக்குறைய ஐந்தில் ஒரு நொடி ஆகும், நொடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஐந்து ஃபிரேம். பீட்டுக்கு ஒரு கட் என்றால் ஒரு ஷாட்டுக்குக் கிடைப்பது 14, 15 ஃபிரேம். அதில் ஐந்து தேடலில் போய்விட்டால், மிச்சம் பத்தில் ஒரு முகபாவம் மாறுவதை யாரும் படிக்க முடியாது. வேகம் மட்டும்தான் மனதில் தங்கும். வேகமும் இருட்டும் சேர்ந்தால் பேய், அல்லது சாகசம். உங்களுக்கு வந்த பதில்களும் அவைதான்.

அந்த மின்னல் யோசனையை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். இரண்டு ஃபிரேம் வெள்ளை, இரண்டு ஃபிரேம் கறுப்பு என்றால் நொடிக்கு ஆறு மின்னல். நொடிக்கு மூன்றைத் தாண்டினாலே ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து. 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான ஒரு சிறுவர் அனிமேஷன் பகுதியில் சிவப்பும் நீலமும் நொடிக்குச் சுமார் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னியதால் அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோக நேர்ந்தது. டைட்டில் என்பது ஒவ்வொரு பகுதியிலும் திரும்ப வருவது. அதில் இதை வைக்கவே கூடாது.

வேகவெட்டு

மின்னல் விஷயம் ஏத்துக்கிறேன், நொடிக்கு எத்தனைன்னு கணக்குப் போட்டுப் பார்க்கலை. ஆனா நாலஞ்சு ஷாட்ல இருபது நொடி போனா பிள்ளைங்க தாங்குவாங்களா? தாண்டிப் போற பட்டனை அமுக்கிடுவாங்க.

நடுக்கோடு

முதல் தடவை பார்க்கும் பிள்ளை அமுக்காது, அடுத்து என்ன என்று தெரியாததால். பத்தாவது தடவை அமுக்கலாம். அதற்கு மருந்து ஷாட்டைக் கூட்டுவது இல்லை; ஒவ்வொரு பகுதியிலும் ஒரே ஒரு சின்ன இடம் மாறினால் போதும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தாளக்கட்டு

இசைப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம், படம் வரையத் தொடங்கும் முன்பே முடிவாக வேண்டியது. 100 பீட் வேகத்தை விட்டுவிடுங்கள். 24 ஃபிரேமில் ஒரு பீட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்பதற்குக் கணக்கு இது:

```
1440 / BPM
```

100 போட்டால் 14.4 வரும். அனிமேட்டர் 14 என்று எண்ணி ஒவ்வொரு அசைவையும் வைத்துக்கொண்டே போனால் பீட்டுக்கு 0.4 ஃபிரேம் படம் முந்தும். 32 பீட் முடியும்போது ஏறக்குறைய 13 ஃபிரேம், அரை நொடிக்கும் மேல். கடைசியில் டைட்டில் வந்து நின்ற பிறகு இசை தாமதமாக அடிக்கும். எல்லாரும் இசைக்காரரைத் திட்டுவார்கள்.

96 எடுத்தால் பீட்டுக்குச் சரியாக 15 ஃபிரேம். நாலு பீட் ஒரு சுற்று என்றால் சுற்றுக்கு 60 ஃபிரேம். எட்டுச் சுற்று 480 ஃபிரேம், அதாவது துல்லியமாக இருபது நொடி. 120 எடுத்தாலும் முழு எண் வரும், பீட்டுக்கு 12, மொத்தம் பத்துச் சுற்று. ஆனால் அது நடையைவிட ஓட்டத்துக்குப் பொருந்தும். கைவிளக்கோடு மெதுவாக நடக்கும் சிறுமிக்கு 96 போதும். பீட்டுக்கு ஒரு அடி வைத்தால் சற்று எச்சரிக்கையான நடையாக வரும்.

உங்கள் படைப்பு 25 ஃபிரேமில் போகிறது என்றால் மேலே 1500 போட்டுக்கொள்ளுங்கள். அங்கே 100 சரியாக 15 ஃபிரேம் தரும். எந்த வேகம் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது, ஃபிரேம் எண்ணிக்கை முதலில் தெரிய வேண்டும்.

தாள்பூச்சி

24 ஃபிரேம்தான். எங்கள் முந்தைய சிறு படத்தில் கடைசி அடி எப்போதும் பிசகியதற்கு இதுதான் காரணம் போல. அப்போது 14 என்று எண்ணித்தான் வைத்தோம். கடைசியில் ஆடியோவை நகர்த்தினோம், அப்போது தொடக்கம் பிசகியது.

சரி, 96 என்று வைத்துக்கொள்கிறேன். எட்டுச் சுற்றுக்குள் அந்தத் திருப்பத்தை எங்கே வைப்பது? நடுவிலா, கடைசியிலா?

நடுக்கோடு

ஐந்தாம் சுற்றின் தொடக்கத்தில், 241ஆம் ஃபிரேமில். சரி பாதி. கடைசிக்குத் தள்ளினால் அதற்குள் பார்ப்பவர் பேய்க்கதை என்று முடிவு செய்துவிடுவார். பிறகு வரும் சிரிப்பு அவருக்கு ஒட்டாது. முன்னால் கொண்டுவந்தால் பயம் ஊறவே நேரம் இருக்காது, திரும்புவதற்கு எதுவும் இல்லாமல் போகும்.

நான் போடுவதாக இருந்தால் இப்படி. முதல் இரண்டு சுற்று ஒரே ஷாட், ஐந்து நொடி. கூடம் முழுக்க இருட்டு, அகன்ற கோணம், இடது ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மட்டும் நகர்ந்து வருகிறது. விளக்கின் நிறம் இங்கேதான் முக்கியம். சுற்றிலும் நீலச் சாம்பல், விளக்கு மட்டும் வெதுவெதுப்பான மஞ்சள். பின்னால் வரப்போகும் பாசத்துக்கு இதுதான் விதை. விளக்கும் வெளிறிய வெள்ளையாகிவிட்டால் திருப்பம் வரும்போது படம் வேறு தொடரிலிருந்து வந்ததுபோல இருக்கும்.

மூன்றும் நான்கும் இரண்டாவது ஷாட். அலமாரிக்கு நேர்ப்பக்கமாகக் கேமரா அவளோடு நகர்கிறது. அவளுக்குப் பின்னால் நிழல் அதே வேகத்தில் வருகிறது; அது கடக்கும் புத்தக முதுகுகளில் எழுத்து மறைகிறது. இங்கே ஒரு விதி: நிழல் ஒருபோதும் கேமராவை நோக்கி வரக்கூடாது. பக்கவாட்டில் நகர்வது வேவு பார்ப்பது. நம்மை நோக்கி வருவது தாக்குவது. உங்கள் அனிமேட்டிக்கில் அந்தப் பாய்ச்சல் ஒன்றே முழுத் தொடரையும் பேயாக்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

ஐந்தில் மூன்றாவது ஷாட். அவள் நிற்கிறாள். ஒரு பீட் எதுவும் அசையவில்லை, சத்தமும் இல்லை. 256இல், இரண்டாம் பீட்டில், விளக்கைத் திருப்புகிறாள். வெளிச்சத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டி உருவம், கன்னம் இரண்டும் எழுத்துகளால் உப்பி, பிடிபட்ட முழியோடு நிற்கிறது. மிச்ச மூன்று பீட்டும் அந்த முழிதான். இமை ஒரு தடவை மூடித் திறக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஆறாம் சுற்றில் கட் இல்லாமல் அதே ஷாட்டில் தும்மல் வருகிறது. எழுத்துகள் தெறிக்கின்றன.

ஏழில் நான்காவது ஷாட், எழுத்துகள் மேலே சுழன்று கூடுகின்றன. எட்டின் முதல் பீட்டில், 421இல், டைட்டில் நிற்கிறது. மிச்சம் 60 ஃபிரேம், இரண்டரை நொடி, விளக்கின் படபடப்பு தவிர எதுவும் அசையக்கூடாது. பெயரை மனதுக்குள் இரண்டு முறை படிக்கும் நேரம் அது. இதைக் குறைத்து முன்னால் இன்னொரு ஷாட் சேர்க்கத் தோன்றும், சேர்க்காதீர்கள்.

தாளக்கட்டு

இந்த அமைப்பு இசைக்கும் வசதி. திருப்பத்தில் வேகத்தை மாற்ற மாட்டேன், அதே 96 தொடரும். மாறுவது அடித்தளம் மட்டும்: முதல் நான்கு சுற்றும் கீழே ஒரு தாழ்ந்த நீளச் சுரம் ஓடும், 241இல் அது திடீரென்று நிற்கும். பயத்தைத் தாங்கிக்கொண்டிருந்ததே அந்தச் சுரம்தான் என்பது அது போன பிறகுதான் காதுக்குத் தெரியும். 256இலிருந்து மேல்தளத்தில் சின்ன, உலர்ந்த சத்தங்கள், மரத்தில் தட்டுவது போல.

கடைசிச் சுரம் 421இல் விழும். எட்டாம் சுற்று முழுக்க அது தானாக ஓய்வதற்கு மட்டும். இருபதாவது நொடியில் சுரம் அடிக்கும்படி எழுதினால் அதன் வால் அறுந்து அடுத்த காட்சியின் முதல் வசனத்தில் மோதும். இந்தப் பிழை நிறைய நடக்கிறது.

ஆனால் ஒன்றில் நடுக்கோடோடு எனக்கு உடன்பாடில்லை. 241 முதல் 255 வரை முழு மௌனம் வேண்டாம். 15 ஃபிரேம் எந்தச் சத்தமும் இல்லையென்றால் முதல் தடவை கேட்பவர் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைப்பார். சிறுமியின் மூச்சோ விளக்கின் மெல்லிய இரைச்சலோ இருக்கட்டும்.

நடுக்கோடு

மூச்சு வந்தால் அவள் பயந்திருக்கிறாள் என்று அர்த்தமாகும். என் கணக்கில் அவள் பயப்படவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள். விளக்கின் இரைச்சல் என்றால் யோசிக்கலாம். இரண்டையும் போட்டுக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அசைவையும் ஒலியையும் சேர்ப்பதில் ஒரு சின்ன விஷயம். டைட்டில் வந்து நிற்கும் ஃபிரேமை 421இல் வைக்காமல் 420இலோ 419இலோ வையுங்கள். படம் ஓரிரு ஃபிரேம் முந்தினால் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றாகத் தோன்றும். ஒலி முந்தினால் உடனே பிசகு தெரியும். ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே உணர்கிறோம், பிந்தினால் 125 வரை பொறுத்துக்கொள்கிறோம். ஒரு ஃபிரேமே 42 மில்லிநொடி என்பதை நினைவில் வையுங்கள்.

அகரமுதலி

எழுத்து வேலை செய்பவன் என்ற முறையில் ஏழாம் சுற்றைப் பற்றி. தொடரின் பெயர் தமிழில் என்றால், எழுத்துகள் பறந்து வந்து கூடும் அசைவை மென்பொருள் தானாகப் பிரிக்கும் பிரிப்பில் விடாதீர்கள். பல நேரம் அது "கொ" என்ற ஓர் எழுத்தைக் கொம்பு தனி, க தனி, கால் தனி என்று உடைத்துப் பறக்கவிடும். புள்ளி தன் எழுத்தை விட்டு வேறு மூலையிலிருந்து வரும். படிக்கும் பிள்ளை நடுவில் வேறு சொல்லைப் பார்க்கும். பெயரை வரைவடிவமாக மாற்றி, முழு எழுத்து ஒவ்வொன்றையும் ஒரு லேயராகக் கட்டி, அதன் பிறகு அசைவு கொடுங்கள்.

இன்னொன்று: 1920க்கு 1080 படத்தில் இருபுறமும் 96 பிக்சல், மேலும் கீழும் 54 பிக்சல் விட்டு உள்ளே பெயர் இருக்க வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தமிழ் எழுத்துக்கு மேலே புள்ளியும் விசிறியும், கீழே உகரச் சுழியும் நீள்வதால், எழுத்தின் உடலை மட்டும் அளந்து வைத்தால் அவை கோட்டைத் தாண்டும். கீழ் வலது மூலையையும் விட்டுவிடுங்கள், தாண்டிப் போகும் பட்டன் பெரும்பாலும் அங்கேதான் வரும்.

வேகவெட்டு

நடுக்கோடு சொன்ன அமைப்பைக் கட்டைவிரல் அளவுப் படங்களா வரிசையா போட்டுப் பார்த்தேன். அஞ்சு நொடி இருட்டு ஷாட்தான் இடிக்குது. கைப்பேசியில வெயில்ல பார்த்தா கறுப்புத் திரை மட்டும்தான் தெரியும்.

நடுக்கோடு

நியாயமான கேள்வி. இரண்டு விஷயம் செய்ய வேண்டும். முதல் 12 ஃபிரேமுக்குள் விளக்கு திரைக்குள் வந்துவிட வேண்டும், வெறும் கறுப்பில் தொடங்கக் கூடாது. கூடத்தையும் முழுக் கறுப்பாக வரையாமல், அலமாரிகளின் வெளிவடிவம் தெரியும் அளவுக்குப் பின்னணியை ஒரு படி ஏற்றிவிடுங்கள். இருட்டாக உணர்வதற்குக் கறுப்பு தேவையில்லை, விளக்குக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள வித்தியாசம் போதும்.

அனிமேட்டிக்கை நிறம் இல்லாமல் அரை நொடிக்கு ஒரு படமாக ஒரே தாளில் எடுத்துப் பாருங்கள்:

```
ffmpeg -i title.mov -vf "fps=2,format=gray,scale=320:-1,tile=8x5" -frames:v 1 sheet.png
```

நாற்பது சின்னப் படங்கள் வரும். ஒவ்வொன்றிலும் எங்கே பார்க்க வேண்டும் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். பத்தாவது படத்துக்கும் இருபத்தைந்தாவது படத்துக்கும் வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் திருப்பம் படத்தில் இல்லை, உங்கள் மனதில் மட்டும்தான் இருக்கிறது.

இருட்டில் இன்னொரு தொல்லை உண்டு. விளக்கைச் சுற்றி மென்மையாக மங்கும் ஒளிவட்டம் உங்கள் கணினியில் அழகாக இருக்கும். சுருக்கி வெளியிட்ட பிறகு வளையம் வளையமாகப் பட்டை தெரியும். எட்டு பிட்டில் அந்த இருண்ட பகுதிக்கு நிறப்படிகள் மிகக் குறைவு, சுருக்கும்போது அதிலும் பாதி போய்விடும். மெல்லிய மணல்துகள் போன்ற இரைச்சலைப் படத்தின் மேல் தூவினால் பட்டை உடையும். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒளிவட்டத்தையே மூன்று நான்கு தெளிவான படிகளாக, காகிதம் வெட்டி ஒட்டியதுபோல வரைந்துவிடுவது. பட்டை அப்போது குறையாகத் தெரியாது, அது உங்கள் பாணி.

தாள்பூச்சி

இன்று நான்கு ஷாட்டாகச் சுருக்கி மறுபடி போட்டேன். முன்பு பார்க்காத வேறு ஆட்களிடம் காட்டினேன். பாதிப்பேர் "முதலில் பயமாக இருந்தது, ஆனால் அந்தக் குட்டி…" என்று தொடங்கினார்கள். மீதிப்பேர் இன்னும் பேய் என்கிறார்கள், ஆனால் "நல்ல பேய்" என்கிறார்கள். சாம்பல் தாளில் பார்த்தபோது மூன்றாவது ஷாட்டில் சிறுமியின் முகம் நடுவிலும் உருவம் வலது ஓரத்திலும் இருப்பது தெரிந்தது. விளக்கு திரும்பியதும் எல்லாரும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் போல.

இரண்டு கேள்வி மிச்சம். பாட்டுக்கு வரிகள் வேண்டும் என்று தயாரிப்புத் தரப்பு கேட்கிறது. பகுதிக்குப் பகுதி மாறும் இடம் பற்றியும் நடுக்கோடு சொல்வதாகச் சொன்னார்.

நடுக்கோடு

மூன்றாவது ஷாட்டைச் சரிசெய்ய, இரண்டாவது ஷாட் முடியும்போது கண் எங்கே இருக்கிறதோ அதே இடத்தில் உருவத்தை வையுங்கள். இரண்டாவது ஷாட்டில் கண் விளக்கைப் பின்தொடர்ந்து வலது மூன்றில் ஒரு பங்கில் இருக்கும். மூன்றாவதில் விளக்கும் உருவமும் அங்கேயே இருக்கட்டும், சிறுமி முதுகு காட்டி இடதில் நிற்கட்டும். அவள் முகம் தேவையே இல்லை. அவள் எப்படி உணர்கிறாள் என்று காட்டினால் பார்ப்பவர் அதைக் கடன் வாங்கிக்கொள்வார். காட்டாவிட்டால் தானே உணர வேண்டியிருக்கும்.

மாறும் இடம் தும்மல். ஆறாம் சுற்றில் வாயிலிருந்து தெறிக்கும் எழுத்துகள் மட்டும் தனி லேயர். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தினால் அந்த 60 ஃபிரேமுக்கு 30 படம். அந்தப் பகுதியின் கதைக்கு வேண்டிய ஒரு சொல்லோ சின்னப் பொருளோ எழுத்துகளோடு சேர்ந்து வெளியே விழட்டும். மிச்சப் படம், இசை எதுவும் மாற வேண்டாம். பிள்ளைகள் அதைப் பார்க்கவே காத்திருப்பார்கள்.

தாளக்கட்டு

வரிகள் வைத்தால் 256க்குப் பிறகு மட்டும், அதுவும் நான்கைந்து சொல்லுக்குள். முதல் பத்து நொடியில் யாராவது பாடினால் இருட்டில் ஆள் துணைக்கு வந்துவிட்டது போலாகும், பயம் போய்விடும். தொடரின் பெயரைப் பாட வைத்தால் அதன் கடைசி அசை 421இல் விழ வேண்டும். ஆனால் வேறு மொழிக்குப் போகும்போது அசை எண்ணிக்கை மாறி இந்தக் கட்டு முழுக்க அவிழும். நான் வரி இல்லாமல் விடுவேன்.

வேகவெட்டு

இதுல நான் தயாரிப்புத் தரப்புப் பக்கம். பிள்ளைங்க வாயில தங்குறது வரிதான். மரத்துல தட்டுற சத்தத்தை யாரும் பள்ளிக்கூடத்துல பாட மாட்டாங்க.

அகரமுதலி

வேறு மொழிக்குப் போகும் என்றால் வரி இருக்கோ இல்லையோ, எழுத்து இல்லாத பதிப்பு ஒன்றை இப்போதே எடுத்து வையுங்கள். கடைசி இரண்டு சுற்றில் பெயரும், இரண்டாவது ஷாட்டில் புத்தக முதுகு எழுத்தும், ஆறில் தும்மலும் தனித்தனி லேயராக இருக்க வேண்டும். ஏழில் சுழலும் எழுத்துகளின் எண்ணிக்கை பெயரின் எழுத்து எண்ணிக்கையோடு பொருந்தும்படி அனிமேட் செய்யாதீர்கள். அடையாளம் தெரியாத துகள்களாக நிறைய சுழலட்டும், கடைசி எட்டுப் பத்து ஃபிரேமில் மட்டும் அவற்றிலிருந்து பெயர் தெளியட்டும். ஆறெழுத்துப் பெயரோ பதினைந்தெழுத்துப் பெயரோ, அப்போது அந்தப் பத்து ஃபிரேமை மட்டும் மாற்றி வரைந்தால் போதும்.

தாள்பூச்சி

புத்தக முதுகுகளைப் பின்னணியோடு சேர்த்தே வரைந்துவிட்டோம். நாளை பிரிக்கத் தொடங்குகிறோம். வரி வைத்தும் வைக்காமலும் இரண்டு பதிப்பும் மௌனத்தோடும் இரைச்சலோடும் எடுத்து, நான்கையும் இங்கே போடுகிறேன்.